நாலாவது வியாழனும் என் காதுகுத்தும்

போன வாரம் நம் வகுப்புக் குழுவில் ஒருத்தி படம் போட்டிருந்தாள். பார்த்திருப்பீர்கள். டாலஸில் அவள் வீட்டு வாசற்படி. கண்ணும் மூக்கும் குடைந்து, உள்ளே விளக்கு வைத்த பரங்கிக்காய் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் சூனியக்காரித் தொப்பி போட்ட மகள். அதற்குக் கீழே இன்னொருத்தி கேட்டிருந்தாள், "ஹாலோவீனுக்கு உங்களுக்கெல்லாம் லீவாடி?" என்று. நான் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். இதே கேள்வியை எங்கள் பெரியப்பா கேட்டதில் ஆரம்பித்து, என் காது காலம் பூராவும் மொட்டையாகவே நின்றிருக்க வேண்டியது. அந்தக் கதையை உங்கள் யாருக்கும் நான் முழுசாகச் சொன்னதில்லை. தலைக்கு மை போடுகிற வயதாகிவிட்டது, இனிமேல் என்ன கூச்சம்.

ஆறாம் வகுப்பில் எனக்குக் காது குத்தியிருக்கவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். உங்களில் இரண்டு பேர் "மொட்டைக்காது" என்று கூப்பிட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன், குழுவில்தான் இருக்கிறீர்கள். நம் கோச்சடையில் ஒரு வயதுப் பிள்ளையெல்லாம் காதில் தங்கம் மின்னத் தவழும்போது, பதினோரு வயதுப் பெண் பின்னலை முன்னால் இழுத்துவிட்டுக் காதை மறைத்துக்கொண்டு திரிந்தேன். ரிப்பன் கட்டினால் காது தெரியும் என்று ரிப்பன்மேலேயே கோபம்.

காரணம் அம்மாவின் பிடிவாதம். காது குத்தினால் அவளுடைய தம்பி மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நம் பக்கத்தில் தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? அம்மாவுக்குக் கூடப்பிறந்தது அந்த ஒரே தம்பிதான். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவள்தான் அவரைச் சோறூட்டி வளர்த்தாள். அவர் நான் நடை பழகும் முன்பே கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போய்விட்டார். ஒரு வருஷம் விசா சரியில்லை, ஒரு வருஷம் வேலை மாறினார், ஒரு வருஷம் அத்தைக்குப் பிரசவம். மூன்று வயது, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படை வயதெல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. பதினொன்றும் போனால் அடுத்து பதிமூன்று. அதற்குள் நான் பெரியமனுஷி ஆகிவிட்டால், சடங்குக்கு மொட்டைக்காதோடு மணையில் உட்காரவேண்டும். அம்மா அதை நினைத்து நினைத்தே இளைத்தாள்.

பெரியப்பாவுக்கோ இதெல்லாம் வீண் வீம்பு. அப்பாவுக்கு மூத்தவர், பக்கத்து வீடு, எங்கள் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் அவர் வாய்ச்சொல்லில்தான் நடக்கும். அப்பா அவர் எதிரில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. ஒன்றுவிட்ட மாமன் ஒருத்தர் வாடிப்பட்டியில் இருக்கிறாரே, அவர் மடியில் உட்காரவைத்துக் குத்திவிட்டால் போகிறது என்பது பெரியப்பாவின் கட்சி. அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். ஏனங்கள் மட்டும் சத்தம் போடும்.

அந்த வருஷம் பொங்கலுக்கு மாமாவின் சிநேகிதர் ஒருத்தர் ஊருக்கு வந்தபோது ஒரு கேசட் கொண்டுவந்து கொடுத்தார். கடிதத்துக்குப் பதில் குரலைப் பிடித்து அனுப்புவது அப்போது வழக்கம். மஞ்சள் நிற லேபிள், ஓரத்தில் உடைந்த உறை. பிற்பாடு வீடு மாறியதில் தொலைந்துபோனது. இன்றைக்கு யாராவது கண்டுபிடித்துக் கொடுத்தால் என் தோட்டைக் கழற்றிக் கொடுப்பேன். அதில் மாமா மகள், அப்போது ஏழு வயது, தமிழும் இங்கிலீஷும் கலந்து மழலையில் பள்ளிக்கூடக் கதை சொல்லியிருந்தாள்.

முதல் பாதி முழுக்க ஹாலோவீன். அக்டோபர் முப்பத்தொன்று, என்ன கிழமையானாலும் அன்றைக்குத்தானாம். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் வேஷத்தோடு வரிசையாக நடந்தார்களாம். கடையில் வேஷம் விலை அதிகம் என்று அத்தை அவளுக்குப் பட்டுப்பாவாடை கட்டி, நெற்றிச்சுட்டி வைத்து அனுப்பிவிட்டாளாம். என்ன வேஷம் என்று மிஸ் கேட்டதற்கு "ராணி" என்றாளாம். இருட்டியதும் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார்களாம். வாசல் விளக்கு எரிந்தால் மணி அடிக்கலாம், அணைந்திருந்தால் அந்த வீட்டுப் பக்கமே போகக்கூடாதாம். கதவு திறந்ததும் "ட்ரிக் ஆர் ட்ரீட்" என்று சொன்னால் பையில் மிட்டாய் விழுமாம். வீட்டுக்கு வந்து கொட்டி எண்ணி, அம்மா அப்பா சோதித்த பிறகுதான் வாயில் போடலாமாம். எங்கள் தெருவே கூடி அந்தப் பாதியைத் திரும்பத் திரும்பக் கேட்டது. பேய்க்கு ஒரு பண்டிகையா என்று எல்லோருக்கும் சிரிப்பு. அடுத்த பாதிக்கு வரும்போது ஆள் கலைந்துவிடும். நான் மட்டும் உட்கார்ந்து முழுக்கக் கேட்பேன். அமெரிக்காவில் எனக்கு இருந்த ஒரே சொந்தக்காரப் பிள்ளையின் குரல் அது.

ஆடி கழிந்ததும் மாமா போன் பண்ணினார். எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு வரச்சொல்லி, முன்கூட்டியே சொல்லிவைத்து. இந்த வருஷம் எப்படியும் வந்துவிடுவேன் அக்கா என்றார். அம்மா ரிசீவரைப் பிடித்தபடி அழுதாள். பெரியப்பா வாங்கிக்கொண்டார். ஆள் விவரம் தெரிந்தவர் பாருங்கள், எடுத்ததும் ஒரு யோசனை சொன்னார்: "அக்டோபர் கடைசியில வந்துருங்க மாப்ள. அம்புட்டுப் பெரிய பேய்ப் பண்டிகை, ஊரே வேஷங் கட்டுது, ரெண்டு நாளாவது லீவு விட்டிருப்பான்ல?"

அந்தப்பக்கம் மாமா சிரித்தது எனக்கே கேட்டது. அவர் சொன்னதை அம்மா வீட்டுக்கு வந்து பத்து தரமாவது சொல்லியிருப்பாள், அதனால் எனக்கும் பாடம். ஹாலோவீனுக்கு அங்கே ஒரு மணிநேரம்கூட லீவு கிடையாது. பள்ளிக்கூடமும் உண்டு, ஆபீசும் உண்டு. ஆபீசில் நாலு பேர் கோமாளித் தொப்பி போட்டுக்கொண்டு அதே வேலையைப் பார்ப்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவதெல்லாம் வேலை முடிந்து வந்த பிறகுதான். ஆர்ப்பாட்டமே இல்லாமல் ஒரு நாள் வரும், தேங்ஸ்கிவிங். நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. விளைச்சலுக்கு நன்றி சொல்கிற நாள். வேட்டு கிடையாது, வேஷம் கிடையாது, குடும்பம் கூடி உட்கார்ந்து வான்கோழி சாப்பிடுவார்கள். அன்றைக்கு ரோட்டில் ஈ காக்கா இருக்காது. மறுநாள் வெள்ளியும் அவர் ஆபீசில் லீவு. சனி ஞாயிறு சேர்ந்தால் நாலு நாள். அந்த வருஷத்து லீவில் அவருக்கு மிச்சம் இருந்தது மூன்றே நாள். அதைத் திங்கள் செவ்வாய் புதனுக்குப் போட்டால், முந்தின சனி ஞாயிறையும் சேர்த்து ஒன்பது நாள் கையில் கிடைக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து விமானம் ஏறினால் திங்கள் காலை மதுரை. புதன்கிழமை ஏறலாம் என்றால் நடக்காது, அன்றைக்கு அந்த நாடே அவரவர் ஊருக்குக் கிளம்பும், டிக்கெட் யானை விலை. ஆகவே, தேங்ஸ்கிவிங்குக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை முகூர்த்தம் வையுங்கள், ராத்திரியே ரயில் ஏறிவிடுவேன், திங்களன்று ஆபீசில் இருக்கவேண்டும் என்றார்.

பெரியப்பா "ஆகட்டும், ஆகட்டும்" என்றார். மாமாவுக்குக் காசு ஏறுகிறதே என்ற அவசரத்தில் தேதி என்ன என்று அவரும் கேட்கவில்லை, மாமாவும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும்தான் தெரியுமே.

பெரியப்பாவுக்குத் தெரிந்தது இது: தேங்ஸ்கிவிங் என்றால் நவம்பர் மாதத்துக் கடைசி வியாழன். முந்தின இரண்டு வருஷமும் மாமா போனில் பேசும்போது மாசக் கடைசி வியாழன் லீவு என்று சொன்னதாக அவருக்கு ஞாபகம். அது பொய்யுமில்லை. அந்த வருஷங்களில் நவம்பருக்கு நாலே வியாழன்தான், கடைசி வியாழனில்தான் வந்தது. இந்த வருஷம் காலண்டரைப் பார்த்தார். கடைசி வியாழன் முப்பதாம் தேதி. மறுநாள் வெள்ளி, டிசம்பர் ஒன்று. ஒன்றாந்தேதி என்றதும் அவருக்கு வாயெல்லாம் பல். குலசாமி கோவிலுக்குச் சொல்லி, கிடாய் பார்த்து, வாடிப்பட்டி மேளத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து, பத்திரிகையும் அடித்தாயிற்று. தாய்மாமன் என்ற இடத்தில் மாமா பேர் கொட்டை எழுத்தில். அம்மா அந்தப் பத்திரிகையைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினாள்.

தீபாவளி போய் ஒரு வாரம் இருக்கும். சமையல்கட்டுச் சுவரில் உரக்கடை கொடுத்த மாதக் காலண்டர் தொங்கும். அக்டோபர் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காதுகுத்துக்கு இன்னும் எத்தனை வாரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நவம்பர் புதன்கிழமை பிறந்தது. வியாழன், இரண்டாம் தேதியிலிருந்து ஒவ்வொன்றாக விரலை வைத்து இறங்கினால், ஐந்து விரலும் தீர்ந்துபோனது. கேசட்டின் இரண்டாம் பாதியில் மாமா மகள் எண்ணிச் சொன்னது காதில் கேட்டது. ஓடிப்போய்ப் போட்டுக் கேட்டேன். சந்தேகமே இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா, அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போன் போடலாம் என்றார். அம்மா கேட்கவில்லை. மறுநாள் விடிந்தும் விடியாமலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பூத்துக்குப் போனாள். பூத்துக்கார அக்கா அப்போதுதான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டோம். மூன்றாவது தரமும் எடுக்காமல் போகவே அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அங்கே சாயங்கால நேரத்தில் வீட்டில் இருக்கிற ஆள், பிள்ளைக்கு உடம்புக்கு ஏதுமோ, ஆஸ்பத்திரியோ என்று புலம்ப ஆரம்பித்தாள். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. நமக்கு நவம்பர் ஒன்று விடிகிறது என்றால் அவர்களுக்கு இன்னும் அக்டோபர் முப்பத்தொன்று ராத்திரி முடியவில்லை.

"அம்மா, இன்னைக்கு அவங்களுக்கு வேஷங்கட்டுற நாளும்மா. மிட்டாய் வாங்கத் தெருவுல சுத்திக்கிட்டிருப்பாங்க. செத்த நேரங்கழிச்சுப் போடு, எடுப்பாங்க."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்குவரை அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பூத்து வாசலிலேயே உட்கார்ந்தோம். பால்காரர், பூக்காரி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் போனார்கள். பூத்துக்கார அக்கா எங்களுக்கு டீ வாங்கிக்கொடுத்தாள். வெயில் ஏறின பிறகு மறுபடி போட்டோம். இரண்டாவது மணியிலேயே மாமா எடுத்தார். பின்னால் மிட்டாயைத் தரையில் கொட்டும் சத்தமும் மாமா மகள் கத்தலும் கேட்டன.

அம்மா ஒரே மூச்சில் கேட்டாள். மாமா பிள்ளையைச் சத்தம் போடாதே என்று அதட்டினார். பிறகு சொன்னார்: "அக்கா, இருபத்துமூணாந்தேதிதான் தேங்ஸ்கிவிங். நான் பதினேழாந்தேதி கிளம்புறேன், இருபத்தஞ்சு ராத்திரி மெட்ராஸ்ல இருந்து ஃப்ளைட்டு. ஒண்ணாந்தேதிக்கு நான் இங்க ஆபீஸ்ல இருப்பேன்க்கா."

டிக்கெட்டை மாற்ற முடியாதா என்று அம்மா கேட்டாள். அதற்கடுத்த வாரம் லீவே கிடையாது, வேலை போய்விடும் என்றார். காதுகுத்தை இருபத்துநாலுக்கு மாற்றிவிட்டுத்தான் மறுவேலை என்று சொல்லிவிட்டு அம்மா போனை வைத்தாள். யாரைக் கேட்டுச் சொன்னாள் என்று எனக்குத் திக்கென்றது.

பெரியப்பா எங்கள் வீட்டுக் கூடத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பேப்பரை மடிக்கக்கூட இல்லை. மாமாதான் தேதியைக் குழப்பிக்கொண்டார் என்றார். அமெரிக்கா பூராவும் கடைசி வியாழன், உன் தம்பிக்கு மட்டும் தனியாக விடுகிறார்களா என்றார். பத்திரிகை சொந்தபந்தம் எல்லோருக்கும் கொடுத்தாயிற்று, இனி மாற்றினால் ஊர் சிரிக்கும். வரமுடியாதவனை வா என்று இழுப்பானேன், வாடிப்பட்டி மாமன் மடி இருக்கவே இருக்கிறது என்று முடித்தார். அப்பா தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா அன்றைக்கு அடுப்படிக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று சொன்னாள்: "எந்தம்பி மடி இல்லேன்னா எம்பொண்ணு காது இப்படியே இருக்கட்டும். ஆயுசு பூரா இருக்கட்டும். பத்திரிகையில அவன் பேரைப் போட்டுட்டு வேற ஆளை உக்கார வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்."

பெரியப்பா எதிரில் எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசியதே இல்லை. நான் போய் டேப்பைத் தூக்கிவந்து அவர் காலடியில் வைத்து, கேசட்டைத் திருப்பிப் போட்டேன். இது என்ன கூத்து என்றார்.

மாமா மகள் பேசினாள். தேங்ஸ்கிவிங்குக்குப் பள்ளிக்கூடத்தில் கையைத் தாளில் வைத்துக் கோடு போட்டு, கட்டைவிரலுக்குக் கண் வைத்து வான்கோழி செய்தார்களாம். புதன்கிழமை பாதி நாளோடு மணி அடித்து வீட்டுக்கு விட்டுவிட்டார்களாம். அவர்கள் வீட்டில் வான்கோழி இல்லை, அப்பாவுக்குப் பிடிக்காது, அம்மா கோழி பிரியாணி செய்தாளாம். ஆபீஸ் அங்கிள் வீட்டிலிருந்து பரங்கிக்காய் வைத்த இனிப்பு வந்ததாம். அப்புறம் வந்தது நான் காத்திருந்த இடம். "மிஸ் காலண்டர் வச்சு எண்ணச் சொன்னாங்க. ஒன், டூ, த்ரீ, ஃபோர். நாலாவது தர்ஸ்டேதான் தேங்ஸ்கிவிங். அஞ்சு தர்ஸ்டே வந்தாக்கூட லாஸ்ட் இல்லையாம், நாலாவதுதானாம். ஹாலோவீன் மட்டும் தேதி மாறாது, இது தேதி மாறும், தர்ஸ்டே மாறாது."

பெரியப்பா பேப்பரை இறக்கினார். "திருப்பிப் போடு" என்றார். போட்டேன். இன்னொரு தரம் என்றார். மூன்றாம் தரம் கேட்டதும் எழுந்து போய் எங்கள் உரக்கடைக் காலண்டரை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்து, சுண்டுவிரலை வைத்துத் தானே எண்ணினார். நான் பக்கத்தில் நின்றேன். ஐந்தாவது வியாழனில் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் நின்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, ஏண்டா மரம் மாதிரி நிக்கிற, வண்டியை எடு, ஜோசியர் வீட்டுக்குப் போவோம் என்றார்.

ஜோசியர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, அமாவாசை கழிந்து வளர்பிறை துவிதியை, வெள்ளிக்கிழமை, இருபத்துநாலு அருமையான நாள் என்றாராம். அப்படியானால் ஒன்றாந்தேதி என்று அப்பா இழுத்திருக்கிறார். அது நவமி, பெரியவர் ஆசைப்பட்டுக் கேட்டதால் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று ஜோசியர் சொன்னதைக் கேட்டு அப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டாராம். அண்ணன் எதிரில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. ஆனால் பெரியப்பாவைக் குறை சொல்லக்கூடாது. பத்திரிகை கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஆனையூர் முதற்கொண்டு அவரேதான் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். போன இடத்திலெல்லாம் அமெரிக்காவில் தேங்ஸ்கிவிங் நாலாவது வியாழன் என்று இவர் விளக்கம் வேறு. கேட்டவர்கள், இவருக்குத் தெரியாத விஷயமே இல்லை என்று மெச்சினார்களாம்.

மாமா திங்கள்கிழமை காலை வந்து இறங்கினார். அம்மா ரயிலடியிலேயே அவர் தலையைத் தடவித் தடவிப் பார்த்தாள், முடி கொட்டிவிட்டதே என்று. பள்ளிக்கூடம் இருப்பதால் மகளைக் கூட்டிவர முடியவில்லை. ஆனால் அவள் வாங்கிய ஹாலோவீன் மிட்டாயில் பாதியை எனக்கென்று ஒரு தலையணை உறையில் கட்டிக் கொடுத்துவிட்டிருந்தாள். மண் நிறத்தில் ஒட்டிக்கொண்ட சாக்லேட், நாக்கைப் புளிக்கவைக்கும் மிட்டாய், உள்ளே கடலை வைத்தது. உங்களுக்கும் வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்தேன். அந்த இரண்டு பேருக்கும் கூடக் கொடுத்தேன், அவ்வளவு சந்தோஷம்.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது மாமா, இன்றைக்குத்தான் அங்கே தேங்ஸ்கிவிங், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து எதற்கெல்லாம் நன்றி என்று ஒவ்வொருத்தராகச் சொல்வார்கள் என்றார். நம் வீட்டில் அப்படி யார் சொல்வது? எல்லோரும் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அம்மா மட்டும் மாமா இலையில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் கோவிலில் கூட்டமான கூட்டம். தேதி மாறிய கதையைக் கேள்விப்பட்டே பாதிப்பேர் வந்திருந்தார்கள். வாடிப்பட்டி மேளம் அதிர, மாமா சீர்த்தட்டோடு வந்தார். பட்டுச்சட்டை, புதுவேட்டி, நெற்றியில் திருநீறு. எனக்குப் பட்டுப்பாவாடை. காதை மறைக்காமல் பின்னலை இழுத்துப் பின்னால் விட்டிருந்தாள் அம்மா. பெரியப்பா எல்லோரையும் ஒதுங்கி உட்காரச் சொல்லி அதட்டிக்கொண்டு திரிந்தார். ஆசாரி தாம்பாளத்தில் தோட்டையும் கம்பியையும் எடுத்துவைத்தார். மேளம் நின்றது.

"பிள்ளைக்குத் தாய்மாமன் யாருங்க?" என்றார் ஆசாரி. வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். வழக்கமாகப் பெரியப்பாதான் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவர் வாயைத் திறந்தார், அம்மாவைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"எந்தம்பி," என்றாள் அம்மா, கோவில் முழுக்கக் கேட்கும்படி. "இந்தா வந்துட்டான்."

நான் மாமா மடியில் ஏறி உட்கார்ந்தேன். பதினோரு வயதுப் பெண், கால் தரையில் இழுபட்டது. ஜனங்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஊசி எப்போது உள்ளே போனது என்றே தெரியவில்லை. அழுதது மாமாதான்.